மெஷின் வந்தாச்சு, மெக்கானிக் வரலை

ஆன்லைனில் வாஷிங் மெஷின் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெட்டியைக் கொண்டுவந்து இறக்குகிறவரும் அதைப் பொருத்தித் தருகிறவரும் ஒரே ஆட்கள் இல்லை. பெட்டி வருவது விற்பனைத் தளத்தின் லாரியில். பொருத்த வரும் மெக்கானிக் தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரின் ஆள். முதல் ஆள் வந்துபோனது இரண்டாம் ஆளுக்குத் தெரியவேண்டுமானால் கணினியில் ஒரு பதிவு உருவாகி, அது சரியான ஊரின் சென்டருக்குப் போய்ச் சேரவேண்டும். தீபாவளித் தள்ளுபடி நாட்களில் இந்தச் சங்கிலி எங்கே வேண்டுமானாலும் அறுந்துபோகும். சென்டர் மாவட்டத் தலைநகரில் இருந்து, நீங்கள் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மூன்று வேலை சேரட்டும் என்று உங்களைக் காக்கவைப்பதும் நடக்கும்.

காத்திருப்பது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், நீங்கள் காத்திருக்கும்போதே இரண்டு கணக்குகள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. திருப்பித் தரும் கெடு டெலிவரி நாளிலிருந்து ஓடுகிறது. பெரிய சாதனங்களுக்கு அது பெரும்பாலும் 7 அல்லது 10 நாள். வாரண்டி பெரும்பாலும் பில் தேதியிலிருந்து ஓடுகிறது. மெஷினில் பழுது இருக்கிறதா என்று தெரியவருவதோ பொருத்தி ஓட்டிப் பார்க்கும் நாளில்தான். அந்த நாளை இரண்டு கணக்குமே கண்டுகொள்வதில்லை.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு குடும்பம் 1ஆம் தேதி ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒன்றை ஆர்டர் செய்கிறது. பில்லும் அன்றைக்கே. 4ஆம் தேதி பெட்டி வருகிறது. ‘48 மணி நேரத்தில் எங்கள் ஆள் வருவார்’ என்று குறுஞ்செய்தியும் வருகிறது. 6ஆம் தேதி யாரும் வரவில்லை. 8ஆம் தேதி போன் செய்தால் ‘நாளைக்கு’ என்கிறார்கள். 11ஆம் தேதி, ‘உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ என்று ஒரு செய்தி. வீட்டில் பெட்டி இன்னும் பிரிக்கப்படவே இல்லை. கடைசியில் 16ஆம் தேதி மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்க்கிறார். துணியைப் பிழியும் சுற்றில் டிரம் தடதடவென்று இடிக்கிறது. 10 நாள் கெடு 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆப்பில் திருப்பித் தரும் பொத்தானும் போய்விட்டது. இனி தளம் ‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்னும். கம்பெனி ‘வாரண்டியில் ரிப்பேர் செய்து தருகிறோம்’ என்னும். புதிதாக வாங்கிய பொருள், ஒருமுறைகூடத் துவைக்காமல், ரிப்பேர் செய்த பொருளாகிவிடுகிறது.

இதே குடும்பம் 12ஆம் தேதி ஒரு காரியம் செய்திருந்தால் கதை வேறு. கெடு முடிவதற்குள் ஆப்பிலேயே, ‘இன்ஸ்டலேஷன் நடக்கவில்லை, பொருளைச் சோதிக்க வழியில்லை, மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதிப் பதிவு செய்திருக்கவேண்டும். ‘மெக்கானிக் வந்து பார்த்து அறிக்கை தராமல் திருப்பி எடுக்க முடியாது’ என்று பதில் வரலாம். பரவாயில்லை, அந்தப் பதிலே உங்களுக்குச் சாதகம். அறிக்கை தரவேண்டிய ஆளை அனுப்பாதது அவர்கள் பக்கம் என்பதும், நீங்கள் கேட்டது கெடுவுக்குள் என்பதும் அவர்கள் பதிவிலேயே ஏறிவிடுகிறது. போனில் பத்து முறை கத்தியதற்கு இந்தப் பலன் கிடையாது.

‘நிறைவேற்றப்பட்டது’ என்ற அந்தச் செய்தியைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். வராமலே வேலையை முடித்ததாகக் கணக்கு காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சில நிறுவனங்கள் வேலை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு குறியீட்டு எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்புகின்றன. ‘நாளைக்குக் கண்டிப்பா வர்றேன் சார், அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க’ என்று போன் வந்தால் சொல்லக்கூடாது. சொன்னால், மெஷின் பொருத்தப்பட்டு நீங்களும் திருப்தியடைந்ததாகப் பதிவாகும். ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று முடித்தால், உடனே மறுத்து எழுதி, புதிய புகார் எண் வாங்கவேண்டும்.

வேறொரு சிக்கலும் உண்டு. இதில் தவறு நம் பக்கமாகவும் இருக்கலாம். மெக்கானிக் வருகிறார், குழாயைப் பார்க்கிறார், ‘இடம் ரெடியாக இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அதோடு தாமதம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். தண்ணீரைச் சூடாக்கும் மெஷினுக்குப் பொதுவாக 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மரையுள்ள குழாய், கழிவுநீர் போக வழி, ஆடாத சமதளம் இவையும் வேண்டும். பெட்டி வந்த அன்றே இவற்றைப் படம் எடுத்து வைத்தால், பிறகு வாக்குவாதத்துக்கு இடமில்லை.

பொறுமை இழந்து நாமே ஓட்டிப் பார்த்தால் என்ன? டாப் லோடு மெஷினில் பெரிய ஆபத்து இல்லை. ஃப்ரண்ட் லோடில் இருக்கிறது. பயணத்தில் டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் பெரிய போல்ட்டுகளைப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் பயங்கரமாகக் குதிக்கும், உள்ளேயும் சேதமாகும். அந்தச் சேதத்துக்கு வாரண்டி கிடைக்காது. ஏசியைத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து மாட்டினாலும் இதே கதைதான். பிறகு கேஸ் கசிந்தால், பொருத்தியதில்தான் கோளாறு என்பார்கள். ஆள் வரும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும்கூட எறியாதீர்கள். அவை இல்லாமல் பொருளைத் திருப்பி எடுக்கத் தயங்குவார்கள்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் உறுதியாகவே நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருளில் குறை இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். ‘இலவச இன்ஸ்டலேஷன்’ என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு ஆள் அனுப்பாவிட்டால், அதைச் சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். அதனால், அந்த வரி இருக்கும் பக்கத்தை வாங்கும்போதே படம் எடுத்து வைப்பது நல்லது. அடுத்த படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இது தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். நிறுவனங்கள் பல இந்தக் கட்டத்திலேயே இறங்கிவருவதுண்டு. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. விற்பனையாளர், தளம், தயாரிப்பு நிறுவனம் மூவரையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவேண்டும்: ஆள் தாமதமாக வந்து, மெஷினும் நன்றாக ஓடினால், தாமதத்தை மட்டும் வைத்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவது கடினம்.

வாரண்டிக் கணக்குக்கு வருவோம். 2024 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தயாரிப்பாளர்களை அழைத்துப் பேசியது. வாரண்டி, பொருத்திய நாளிலிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான், சட்டமல்ல. அதனால் உங்கள் வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பில் தேதி என்றிருந்தால், தாமதமான நாட்களை வாரண்டியில் சேர்த்துத் தரும்படி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மெக்கானிக் கையெழுத்திடும் வேலைச் சீட்டில் பொருத்திய தேதியும் மெஷினின் சீரியல் எண்ணும் கட்டாயம் இருக்கவேண்டும். சீட்டு கொடுக்காமல், எல்லாம் கணினியில் ஏறிவிடும் என்று அவர் சொன்னால், அவர் கிளம்புவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து அங்கே பதிவாகியிருக்கும் தேதியைக் கேட்டுவிடுங்கள்.