சராசரியை நம்பி சரக்கு அடுக்கலாமா?

இணையத்தில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: ஓர் ஆர்டருக்குச் சராசரியாக எவ்வளவு ரூபாய் வருகிறது? மாத விற்பனையை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்தால் அது வந்துவிடும். எவ்வளவு சரக்கு வைப்பது, எந்த அளவு பெட்டி வாங்குவது, எத்தனை ரூபாய்க்கு மேல் இலவச டெலிவரி கொடுப்பது என எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். நூற்றில் நாலைந்து பேர் மட்டும் மிகப் பெரிய அளவில் வாங்கும் கடையில் இந்தச் சராசரி பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை இணையம் வழியாக விற்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ பாக்கெட் 100 ரூபாய். ஒரு மாதத்தில் 100 ஆர்டர்கள் வந்தன. அவற்றில் 55 பேர் இரண்டிரண்டு பாக்கெட் வாங்கினார்கள். 30 பேர் நான்கு நான்காகவும், 10 பேர் ஏழேழாகவும் வாங்கினார்கள். அலுவலகப் பரிசுக்காகவும் வீட்டு விசேஷத்துக்காகவும் 4 பேர் ஆளுக்கு 50 பாக்கெட் கேட்டார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு மட்டும் தாம்பூலப் பையில் போட 500 பாக்கெட் போனது.

மொத்தம் 1000 பாக்கெட், ஒரு லட்சம் ரூபாய். சராசரி ஆர்டர் 1000 ரூபாய், அதாவது 10 பாக்கெட். ஆனால் அந்த மாதத்தில் 10 பாக்கெட் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. ஆர்டர்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் அது 200 ரூபாய்தான். இதை இடைநிலை என்பார்கள். சராசரி இடைநிலையைப் போல ஐந்து மடங்காக நின்றால், நீண்ட வால் இருக்கிறது என்று பொருள். ஐந்தே ஆர்டர்கள் 700 பாக்கெட்டைக் கொண்டுபோயிருக்கின்றன. மற்ற 95 ஆர்டர்களும் சேர்ந்து 300 பாக்கெட்தான். அடுத்த மாதம் அந்தக் கல்யாண ஆர்டர் மட்டும் வராவிட்டால் சராசரி பாதியாகிவிடும். வழக்கமான வாடிக்கையாளர் வாங்கும் அளவில் ஒரு மாற்றமும் இருக்காது.

உங்கள் கடைக் கணக்கில் இதைப் பார்ப்பது எளிது. எக்செல்லில் ஆர்டர் தொகைகளை B பத்தியில் இட்டு இந்த மூன்றையும் போடுங்கள்:

```
=AVERAGE(B2:B101)
=MEDIAN(B2:B101)
=PERCENTILE(B2:B101,0.9)
```

நம் உதாரணத்தில் 1000, 200, 700 என்று வரும். பத்தில் ஒன்பது ஆர்டர்கள் 700 ரூபாயைத் தாண்டவில்லை என்று மூன்றாவது எண் சொல்கிறது. இதைப் போடுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று முறையாகப் பிரித்து வாங்கியிருந்தால் அதை ஓர் ஆர்டராகச் சேர்க்க வேண்டும். ரத்தானவற்றை நீக்க வேண்டும். தீபாவளி, முகூர்த்த மாதங்கள் எல்லாம் உள்ளே வருமாறு ஓராண்டுக் கணக்கை எடுப்பது நல்லது. ஒரு மாதக் கணக்கில் வால் முழுதாகத் தெரியாது.

இப்போது சரக்குக்கு வருவோம். மாதம் 1000 என்றால் நாளுக்கு 33, வாரத்துக்கு ஏறத்தாழ 230 பாக்கெட் என்று கணக்கிட்டு ஒருவர் அடுக்கி வைக்கிறார். சில்லறை ஆர்டர்களுக்கு அந்த வாரம் போவது 70தான். நடுவில் ஓர் 50 பாக்கெட் ஆர்டர் வந்தாலும் 110 மிஞ்சும். வாரா வாரம் இப்படிச் சேர்ந்தால் கடலை மிட்டாய் நமுத்துப்போகும், கடலை எண்ணெயில் சிக்கு வாடை ஏறும். இவ்வளவு மிச்சம் வைத்திருந்தும், 500 பாக்கெட் கேட்டு ஆள் வரும் நாளில் கையிருப்பு போதாது. சிறு ஆர்டர்களுக்கு அது மிக அதிகம், பெரிய ஆர்டருக்கு மிகக் குறைவு. அலமாரியில் இருப்பதையெல்லாம் வழித்து அந்த ஒருவருக்குக் கொடுத்தால், அன்று இரண்டு பாக்கெட் கேட்பவர்களுக்கு ‘ஸ்டாக் இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே இவற்றை இரண்டு வியாபாரமாகப் பிரித்துவிட வேண்டும். ஆர்டர் வரிசையில் எங்கே பெரிய இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். நம் கணக்கில் 7க்கும் 50க்கும் இடையில் ஒன்றுமே இல்லை. எனவே 20 பாக்கெட்டை எல்லையாக வைக்கலாம். அதற்குக் கீழே உள்ளது அலமாரிச் சரக்கு: வாரம் 70, ஏழேழு பாக்கெட் ஆர்டர்கள் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் சமாளிக்க இன்னும் 30, ஆக 100 போதும். எல்லைக்கு மேலே உள்ளதற்கு அலமாரியைத் தொடக் கூடாது. இணையதளத்தில் ஓர் ஆர்டருக்கு 20 பாக்கெட் என்று உச்சவரம்பு வைத்து, மொத்தமாக வேண்டுவோர் தொலைபேசியில் அழைக்கட்டும் என்று எழுதிவிடலாம். கல்யாணத்துக்கு முகூர்த்த நாள் முன்பே தெரியும். இரண்டு வார அவகாசமும் பாதி முன்பணமும் கேட்பதில் தவறில்லை. அந்த ஆர்டருக்காகத் தயாரான மிட்டாயை அடுக்கி வைக்க வேண்டாம். பாகு காய்ச்சும் இடத்தில் எத்தனை நாளில் எவ்வளவு போட முடியும் என்று பேசி வைத்து, கடலையும் வெல்லமும் கிடைப்பதை உறுதி செய்தால் போதும்.

அனுப்புவதிலும் இதே பிரிவினை தேவை. கூரியர்காரர்கள் பொதுவாக அரை கிலோ அடுக்குகளில் கட்டணம் வாங்குவார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். உண்மையான எடை, இந்தக் கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. சராசரியை நம்பி 10 பாக்கெட் கொள்ளும் 30×20×15 பெட்டிகளை வாங்கிக் குவித்தால், அதன் கன அளவு எடை 1.8 கிலோ. உள்ளே போவதோ இரண்டு பாக்கெட், அரை கிலோ. பாதிப் பேருக்கு மேல் வாங்குவது அதுதான் என்பதால், 20×15×8 பெட்டியே வழக்கமான பெட்டியாக இருக்க வேண்டும். அதன் கன அளவு எடை 0.48 கிலோ. ஆனாலும் பெட்டியின் எடை சேர்ந்தால் பார்சல் அரை கிலோவைத் தாண்டி அடுத்த அடுக்குக்குப் போய்விடும். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

500 பாக்கெட் என்பது 125 கிலோ. இதைக் கூரியரில் போட்டால் கட்டுப்படியாகாது. 50 பாக்கெட் கொள்ளும் கனமான அட்டைப்பெட்டிகள் பத்தாகக் கட்டி, லாரி பார்சல் சர்வீஸில் அனுப்புவதே வழக்கம். அதன் மதிப்பு 50,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்ந்தால் அதைத் தாண்டும். பெங்களூருக்குப் போவதானால் ஈ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு ஒரு லட்சம்.

இலவச டெலிவரி வரம்பைச் சராசரிக்குச் சற்று மேலே வைக்கச் சொல்வது பலரும் தரும் யோசனை. இங்கே அது 1000க்கு மேல் போகும். 200 ரூபாய்க்கு வாங்குபவர் அதற்காக ஐந்து மடங்கு வாங்கப்போவதில்லை. 400 என்று வைத்தால் இன்னும் இரண்டு பாக்கெட் எடுக்க வாய்ப்புண்டு. அதே சலுகையின் கீழ் 125 கிலோவும் இலவசமாகப் போய்விடாதபடி மேல் வரம்பும் வேண்டும். மொத்த ஆர்டருக்கு லாரி வாடகையைத் தனியாகச் சொல்லிவிடுவதே இருவருக்கும் நல்லது.

இந்த எல்லை நிரந்தரம் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மூன்று எண்களையும் மறுபடி போட்டுப் பாருங்கள். 15, 20, 30 பாக்கெட் ஆர்டர்கள் தொடர்ந்து வரத் தொடங்கினால் வெற்று இடைவெளி நிரம்புகிறது என்று பொருள். அப்போது எல்லையையும் அலமாரி இருப்பையும் உயர்த்தி, நடுத்தரப் பெட்டி ஒன்றையும் வாங்க வேண்டியதுதான்.