சரளி முதல் கீதம் வரை: வீட்டுக்கு வரும் பயிற்சிப் பட்டியல்

கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களுக்குப் படிவரிசை ஏற்கெனவே இருக்கிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்ற அடுக்கைப் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்வது மரபு. இன்று ஆசிரியர் இந்தப் பாடங்களை ஒலிப்பதிவாக்கிப் பெற்றோரின் கைபேசிக்கு அனுப்புகிறார். கூடவே வரும் குறிப்பு எதை எந்த ஒழுங்கில் பழகுவது, வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிப்பது என்று சொல்ல வேண்டும்.

விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. தனியாக வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகும் நேரம் ஆலை வேலையை ஒட்டித்தான் அமையும். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி என்றால், அப்பாவோ அம்மாவோ கிளம்பும் முன், காலையில் கிடைக்கும் கால் மணி நேரம்தான் பயிற்சி. பட்டியல் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். முதல் சரளி வரிசையில் ஏறி இறங்க 16 ஸ்வரம். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நடையில், ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு 8 விநாடி. முதல் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ஆக 16 விநாடி. இரண்டாம் காலத்தில் இரண்டு ஸ்வரம், மூன்றாம் காலத்தில் நான்கு. இரண்டாம் காலத்தை இரு முறையும் மூன்றாம் காலத்தை நான்கு முறையும் பாடினால் ஒவ்வொன்றும் அதே 16 விநாடி, மொத்தம் 48. ஆசிரியர் பாடிய பின் அதே அளவு நேரம் தம்பூரா மட்டும் ஒலிக்க இடம் விடுவார். பிள்ளை அங்கே பாடும். அடுத்து வரும் வரிசைகள் இதைப்போல் இரு மடங்கு நீளம். ஐந்து வரிசைக்கே கால் மணி நேரம் ஓடிவிடும். பதினான்கையும் ஒரே நாளில் ஓட்டச் சொல்லும் பட்டியல் காலையில் எடுபடாது.

இடம் விடாமல் முழுக்கப் பாடி அனுப்பும் பதிவுகளும் உண்டு. அவற்றோடு சேர்ந்து பாடும் பிள்ளை ஆசிரியர் குரலில் சாய்ந்துகொள்ளும். தனியே பாடும்போது ரிஷபம் தளும்பும். மாயாமாளவகௌளையில் அந்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டியே இருப்பது. கொஞ்சம் ஏறினாலும் ராகம் கெட்டுவிடும்.

சங்கீதம் தெரியாத பெற்றோர் கண்ணாலேயே பார்க்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. ஆதி தாளத்தைக் கையால் போடும் முறை இது: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இந்தக் கை மூன்று காலத்திலும் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஸ்வரம் மட்டுமே விரைய வேண்டும். இரண்டாம் காலம் வந்ததும் கையும் சேர்ந்து ஓடினால், பிள்ளை பாடுவது வேகமான முதல் காலம்தான். அப்போது மூன்றாம் காலப் பதிவை நிறுத்திவிட்டு முதலிரண்டை மட்டும் பழக வைப்பதே சரி.

கைபேசியிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. கலைத்துப்போட்டு ஒலிக்கும் வசதியை அணைக்க வேண்டும். நேரம் மிச்சம் என்று வேகத்தை 1.25 மடங்காக்கினால் 60 தட்டு 75 ஆகிவிடும். எல்லாப் பதிவும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். ஐந்து கட்டையில் பழகும் பிள்ளைக்கு இடையில் ஐந்தரைக் கட்டைப் பதிவு ஒன்று வந்தால் காது குழம்பும்.

அலங்காரம் முடிந்து வருவது மலஹரி ராகக் கீதம். மலஹரி மாயாமாளவகௌளையில் பிறந்தது. ஆகவே புது ஸ்வரம் எதுவும் வராது. சில ஸ்வரங்கள் விலகுகின்றன, அவ்வளவுதான். ஏறும்போது காந்தாரம் இல்லை, நிஷாதம் இரு வழியிலும் இல்லை. மாதக்கணக்கில் ஸரிகம என்று ஏறிப் பழகிய தொண்டை, ரிஷபத்திலிருந்து மத்யமத்துக்குத் தாவாமல் காந்தாரத்தில் கால் வைக்கும். இதற்கு ஸரிமபதஸ, ஸதபமகரிஸ என்ற ஏற்ற இறக்கத்தைத் தனிப் பதிவாகக் கீதத்துக்கு முன்னால் வைப்பார்கள். சாதாரணமாகத் தோன்றினாலும் பட்டியலில் மிகப் பயனுள்ள பதிவு இதுவே.

கேட்பதற்கான பட்டியல் தனி. ஸ்ரீவில்லிபுத்தூர் இதே மாவட்டம் என்பதால் திருப்பாவை அதில் தானாகவே இடம்பிடிக்கும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டில் எம்.எல். வசந்தகுமாரி பாடிய பதிவு நாட்டையில் தொடங்குகிறது. அது அவர் சுருதி; பிள்ளை கூடவே பாடத் தேவையில்லை, கேட்டால் போதும்.

அடுத்த பட்டியலை எப்போது கேட்பது என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. ஆசிரியர் குரலே இல்லாமல், தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு, கை மாறாமல் மூன்று காலமும் பிள்ளை பாடினால் கேட்கலாம்.