கணினிக்கு முன் ஒரு காலைப் படம்

கணினியைத் தொடுமுன், நம் காலைக் கடமைகளைப் பாய்வுப்படமாக வரைந்தோம். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் நீள்வட்டம்; செயலுக்குச் செவ்வகம்; வினாவிற்குச் சாய்சதுரம். சாய்சதுரத்திலிருந்து 'ஆம்', 'இல்லை' என இரண்டு அம்புகள் புறப்படல் வேண்டும்.

எழு, பல் துலக்கு, பசியாறு, பேருந்து நிறுத்தத்திற்குச் செல் என்பதுவரை இடரில்லை. 'பேருந்து வந்ததா?' என்னுமிடத்தில்தான் சிக்கல். 'ஆம்' எனில் ஏறு. 'இல்லை' எனில் ஒரு நிமிடம் காத்திரு. அதன்பின் அம்பு எங்கே செல்லும்? விரலை அம்பின்வழி நகர்த்திப் பார்த்தோம். 'ஏறு' என்பதற்கு இழுத்தவர், வராத பேருந்தில் ஏறினார்! 'எழு' என்பதற்குத் திருப்பியவர், நிமிடந்தோறும் பல் துலக்கினார். வினாவிற்கே திருப்பியபோது படம் செவ்வனே நடந்தது.

ஆயினும், பேருந்து பழுதுற்றால் நாள் முழுதும் அங்கேயே சுற்றுவோமே! ஆகவே, காத்திருக்குமுன் 'மணி 7.15 ஆகிவிட்டதா?' என மற்றொரு சாய்சதுரம் வரைந்தோம். 'ஆம்' எனில் வீடு திரும்பி அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறு.