எட்டு மணி மாத்திரையும் ஓர் அனுமதியும்

புதிதாக ஒரு செயலியை நிறுவித் திறந்தால், அது அறிவிப்புகள் அனுப்பலாமா என்று ஃபோன் கேட்கிறது. 2022 ஆகஸ்டில் வெளியான ஆண்ட்ராய்டு 13 முதல் இந்தக் கேள்வி வருகிறது. நீங்கள் சம்மதிக்கும்வரை, ஓடும் பாட்டை நிறுத்தும் பொத்தான்கள் போன்ற சில விலக்குகள் தவிர, அந்தச் செயலியால் அறிவிப்பு எதையும் காட்ட முடியாது.

கேமராவுக்கும் இருப்பிடத்துக்கும் பயன்படுத்தும் நேரத்தில் அனுமதி கேட்கும் முறை 2015-இல், ஆண்ட்ராய்டு 6-இலேயே வந்துவிட்டது. அறிவிப்புக்கு மட்டும் யாரும் கேட்கவில்லை; செயலியை நிறுவியதே சம்மதமாகக் கருதப்பட்டது. டெலிவரி தகவலுக்காக நிறுவிய செயலி நள்ளிரவில் தள்ளுபடி விளம்பரம் அனுப்பினாலும், அது வந்த பிறகுதான் தேடிப்போய் அணைக்க முடியும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த ‘சேனல்’ முறையால் விளம்பரத்தைத் தனியாக, டெலிவரி தகவலைத் தனியாக அணைக்க வழி பிறந்தது. அதுவும் தொல்லை தொடங்கிய பிறகு செய்யும் வேலைதான். ஐபோன் முன்பிருந்தே கேட்டு வந்த கேள்வியை ஆண்ட்ராய்டு 13-இல் கூகுளும் கேட்கத் தொடங்கியது.

பயனருக்கு இது நல்லதுதான். ஆனால் ‘வேண்டாம்’ என்ற பதிலுக்குச் செயலி தயாராக இல்லையென்றால், நஷ்டமும் அதே பயனருக்குத்தான்.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். திறந்த உடனேயே அனுமதிக் கேள்வி வருகிறது. அந்தச் செயலி என்ன செய்யும் என்றே இன்னும் தெரியாத ஒரு பாட்டி, மறுத்துவிடுகிறார். பிறகு இரவு 8 மணிக்கு ரத்த அழுத்த மாத்திரை என்று பதிகிறார். ‘நினைவூட்டல் சேமிக்கப்பட்டது’ என்று திரையில் வருகிறது. எட்டு மணிக்குச் செயலி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது; அறிவிப்பைக் காட்டும்படி ஆண்ட்ராய்டிடம் சொல்கிறது. அனுமதி இல்லாததால் ஆண்ட்ராய்டு அதைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடுகிறது. பிழைச் செய்தி வராது, செயலி முடங்காது. டெவலப்பருக்கு வரும் பிழை அறிக்கைகளிலும் ஒன்றும் இருக்காது. மாத்திரை மட்டும் டப்பாவிலேயே இருக்கும்.

இதைத் தவிர்க்க முதல் வழி, கேட்கும் நேரத்தை மாற்றுவது. பாட்டி 8 மணி என்று பதிந்து ‘சேமி’ என்பதைத் தொடும்போது, “அந்த நேரத்தில் ஒலி எழுப்ப உங்கள் அனுமதி வேண்டும்” என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கேட்டால், எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அவருக்கே புரியும். ஆண்ட்ராய்டு 13-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காகக் கொண்டு எழுதிய செயலிகள் இந்த நேரத்தைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். பழைய பதிப்புகளுக்காக எழுதியவற்றுக்கு, முதல் சேனலை உருவாக்கியதும் ஆண்ட்ராய்டு தானாகவே கேட்டுவிடும்.

கேட்கும் வாய்ப்பு எண்ணிக்கைக்கு உட்பட்டது என்பதால்தான் நேரம் இவ்வளவு முக்கியம். இரண்டு முறை மறுத்துவிட்டால், அதன்பின் செயலி எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பெட்டி திரையில் தோன்றாது. பதில் சொல்லாமல் பெட்டியைத் தள்ளி மூடினால் மட்டும் அது மறுப்பாகக் கணக்கில் சேராது.

அதற்கும் மேல் மறுத்தால்? செயலி கதவைச் சாத்தக் கூடாது. பதிந்த நேரத்தைச் சேமிக்கலாம். ஆனால் ‘நினைவூட்டல் தயார்’ என்று சொல்லக் கூடாது. முதல் பக்கத்தின் மேலே, “அறிவிப்பு அணைந்திருக்கிறது, 8 மணிக்கு ஒலி வராது” என்ற வரி நிலையாக இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு பொத்தான். தொட்டால் ஃபோன் செட்டிங்ஸில் இந்தச் செயலியின் அறிவிப்புப் பக்கமே நேராகத் திறக்க வேண்டும். அதன் கீழே இன்றைய மாத்திரைகளும், தவறவிட்டவை வேறு நிறத்திலும் தெரியட்டும். அதே நேரத்தை ஃபோனின் காலண்டரில் பதிய உதவுவது இன்னொரு வழி. காலண்டர் செயலிக்கு அனுமதி இருந்தால், ஒலி அங்கிருந்து வரும்.

நிலவரத்தை ஒருமுறை பார்த்தால் போதாது. இன்று அனுமதித்தவர் நாளை செட்டிங்ஸில் அணைக்கலாம். எனவே திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் `areNotificationsEnabled()` மூலம் செயலி சரிபார்க்க வேண்டும். அது ‘ஆம்’ என்றாலும் மாத்திரைக்கான சேனலை மட்டும் பயனர் அணைத்திருக்கலாம். அதையும் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

இவை அனைத்தையும் வெளியிடும் முன்பே சோதித்துவிடலாம். ஆண்ட்ராய்டு 13 உள்ள ஒரு ஃபோனில் செயலியைப் புதிதாக நிறுவி, இரண்டு முறை மறுத்து, ஐந்து நிமிடம் கழித்து ஒரு மாத்திரை நேரத்தைப் பதிய வேண்டும். ஒலி வராது என்பதை அந்த நேரம் வரும் முன்பே செயலி சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுபடி சோதிக்க, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் கேள்வி முதலிலிருந்து தொடங்கும்.