பள்ளி ஆலோசகரின் கடிதம்: பெற்றோர் எதைப் படிக்க வேண்டும்?

பள்ளி ஆலோசகரிடமிருந்து கடிதம் வந்தால் பெற்றோரின் கண் முதலில் தேடுவது ‘தவறு யாருடையது’ என்பதைத்தான். பிள்ளை வகுப்புத் தோழர்களோடு அடிக்கடி சண்டை போடுகிறான் என்று எழுதியிருந்தால் அந்தத் தேடல் இன்னும் வேகமாகிவிடும். ஒரு வீட்டில் அன்று மாலையே அடி விழும். இன்னொரு வீட்டில், ‘நம்ம பையன் மேல மட்டும் ஏன் புகார்?’ என்று அப்பா ஃபோனை எடுப்பார். இரண்டு வீட்டிலும் கடிதத்தில் இருக்கும் உபயோகமான தகவல் படிக்கப்படாமலே போய்விடுகிறது. சண்டை எங்கே வருகிறது, எப்போது வருகிறது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறது என்பதே அந்தத் தகவல்.

சிபிஎஸ்இ பள்ளிகள் ஆலோசகர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அந்த வாரியத்தின் இணைப்பு விதிகள் கேட்கின்றன. ஆலோசகர் இல்லாத பள்ளிகளில் இதே கடிதத்தை வகுப்பு ஆசிரியரோ தலைமை ஆசிரியரோ எழுதுகிறார்கள். பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, படிப்பு, மற்ற முக்கியமான விஷயங்களைச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் சொல்கிறது. ஆகவே இப்படி ஓர் அழைப்பு வருவது வழக்கத்துக்கு மாறான காரியமில்லை. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். சென்னையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பான ஆலோசகர் ஒருவர் அவன் பெற்றோருக்கு எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். தங்கள் மகனைப் பற்றிப் பேசத் தங்களை நேரில் சந்திக்க விரும்புகிறேன். கடந்த ஐந்து வாரங்களில் அவனுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் ஏழு முறை சண்டை வந்திருக்கிறது. ஐந்து முறை மதிய இடைவேளையில் மைதானத்தில்; இரண்டு முறை விளையாட்டுப் பீரியட் முடிந்து மாடிப்படி ஏறும் வரிசையில். மூன்று முறை பிறரைத் தள்ளியிருக்கிறான். அதில் ஒரு மாணவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு ஏற்பட்டது. வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒரு சண்டைகூட இல்லை. நூலகத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக்கொடுத்துப் பொறுமையாக உதவுகிறான் என்று நூலகர் சொன்னார்.

இது தண்டனைக்கான கூட்டம் அல்ல. வியாழன் மாலை 4.15, சனி காலை 10 மணி, இரண்டில் தங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள். நாற்பது நிமிடம் போதும். வகுப்பு ஆசிரியையும் நானும் இருப்போம். கடைசிப் பத்து நிமிடம் தங்கள் மகனும் வந்து உட்காரலாம். வீட்டிலும் டியூஷனிலும் தெருவில் விளையாடும்போதும் அவன் எப்படி இருக்கிறான் என்று தாங்கள் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும். அதுவரை இதற்காக அவனைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதம் வரப்போவதை நேற்றே அவனிடம் சொல்லிவிட்டேன்.”

இதில் ‘முரடன்’, ‘அடங்காதவன்’, ‘வளர்ப்பு’ போன்ற சொற்கள் எங்கும் இல்லை. ‘தங்கள் மகன் மிகவும் ஆக்ரோஷமாக நடந்துகொள்கிறான்’ என்று எழுதினால் பெற்றோர் அதை ஒத்துக்கொள்ளலாம், அல்லது மறுக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது. ‘ஐந்து முறை மதிய இடைவேளையில்’ என்று எழுதினால் அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். சண்டையில் இருந்த மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் கடிதத்தில் இல்லை. பெயர் இருந்தால் அன்றிரவே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு குடும்பங்கள் மோதிக்கொள்ளும். பிறகு பிள்ளைகள் சமாதானமானாலும் பெரியவர்கள் ஆக மாட்டார்கள். பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டதும் முக்கியம். தனக்குத் தெரியாமல் தன்னைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைக்கும் பிள்ளை அடுத்த முறை ஆலோசகரிடம் வாய் திறக்காது. டைரிக்குள் கடிதத்தை வைத்து அவன் கையிலேயே கொடுத்தனுப்பாமல் பெற்றோருக்கு நேரடியாக அனுப்புவதே நல்லது. இல்லையென்றால் கடிதம் பைக்குள்ளேயே கிடக்கும்.

ஆலோசகருக்கு அந்த ஏழு சம்பவங்களின் விவரம் எங்கிருந்து கிடைத்தது? ஒரு நோட்டிலிருந்து. ஒவ்வொரு சண்டைக்கும் அதில் மூன்று பத்திகள்: முன்னால் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், அதன் பிறகு என்ன ஆனது. அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிஜூவும் அவருடைய சகாக்களும் 1968இல் விவரித்த முறை இது. இன்றுவரை பள்ளிகளில் பயன்படுகிறது. எழுதுகிறவர் தன் அபிப்பிராயத்தை ஒதுக்கிவைத்துக் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்பதே இதில் கஷ்டமான பகுதி. ‘வேண்டுமென்றே தள்ளினான்’ என்று எழுதக் கூடாது. ‘பந்து காலில் பட்டதும் திரும்பி, பக்கத்தில் நின்றவனின் தோளில் இரண்டு கையாலும் தள்ளினான்’ என்று எழுத வேண்டும்.

நம் பையனின் நோட்டில் முதல் பத்தியை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒரு விஷயம் தெரியும். வரிசையில் பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். பந்து காலில் பட்டது. ‘அவுட்’ என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். எல்லாமே இரண்டு விதமாக அர்த்தம் எடுத்துக்கொள்ளக்கூடியவை. வேண்டுமென்றும் செய்திருக்கலாம், தற்செயலாகவும் நடந்திருக்கலாம். இவன் ஏழு முறையும் ‘வேண்டுமென்றுதான் செஞ்சாங்க’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். இரண்டு, நான்கு, ஆறாம் வகுப்புப் பையன்களை எடுத்துக்கொண்டார். அவர்கள் அடுக்கிக்கொண்டிருந்த புதிர்ப்படத்தை வேறொரு பையன் கலைத்துவிட்டான் என்று நம்பவைத்தார். சிலருக்கு அவன் வேண்டுமென்றே கலைத்தது போலவும், சிலருக்கு உதவப் போய்க் கலைந்தது போலவும், மற்றவர்களுக்கு எதுவென்றே தெரியாதபடியும் காட்டினார். நோக்கம் தெளிவாகத் தெரிந்த இரண்டு நிலைகளிலும், சண்டைக்காரப் பையன்கள் என்று பெயரெடுத்தவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள். நோக்கம் தெரியாதபோதுதான் வித்தியாசம் வந்தது. சண்டைக்காரப் பையன்கள் எதிராளி வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டு பதிலடி கொடுத்தார்கள். மற்றவர்கள் அப்படிச் செய்யவில்லை.

வகுப்பறையில் நல்லவனாக இருக்கும் பிள்ளை மைதானத்தில் ஏன் வெடிக்கிறான் என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம். வகுப்பில் யார் என்ன செய்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும், ஆசிரியரும் இருக்கிறார். மைதானத்தில் நெரிசல், சத்தம், அம்பயர் கிடையாது. ‘வீட்ல அவன் ரொம்ப சாதுங்க மேடம்’ என்று அம்மா சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆலோசகர் அதை மறுக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கே சண்டை வரவில்லை என்பதும் அவருக்கு வேண்டிய தகவல்தான்.

சந்திப்பில் முதலில் பேச வேண்டியவர்கள் பெற்றோர். புகார்ப் பட்டியலைப் பள்ளி முதலில் வாசித்துவிட்டால் மீதி நேரம் அதற்குப் பதில் சொல்வதிலேயே கரைந்துபோகும். தூக்கம், சாப்பாடு, வீட்டில் சமீபத்தில் நேர்ந்த மாற்றங்கள், தெருவில் அவனோடு விளையாடும் பிள்ளைகள் என்று ஆலோசகர் கேட்கக் கேட்க, பள்ளிக்குத் தெரியாத ஏதாவது வெளியே வரும். காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டவன் மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறான் என்பதுகூடத் தெரிய வேண்டிய செய்திதான். காது சரியாகக் கேட்கிறதா என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. சத்தமான இடத்தில் பாதிப் பேச்சு மட்டும் காதில் விழும் பிள்ளை, தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது.

பிறகு ஒரே ஒரு இலக்கை வைத்துக்கொள்கிறார்கள்: மதிய இடைவேளையில் கை நீட்டாமல் இருப்பது. பள்ளியின் பங்காக, நான்கு வாரத்துக்கு அந்த நேரத்தில் பி.டி. சாரோ ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரோ அம்பயராக நிற்பார். மாடிப்படி வரிசையில் பையன் முதல் ஆளாக நிற்பான்; பின்னால் இடிப்பவர் ஆசிரியர் கண்ணில் படுவார். ஆலோசகர் வாரத்துக்கு இரண்டு முறை அவனோடு நடித்துப் பழகுவார். ஒருவர் இடித்தால், கை போவதற்கு முன் ‘ஏன்டா இடிச்ச?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. வீட்டின் பங்கு இன்னும் சின்னது. மாலையில் ‘இன்னைக்கு யார்கூட சண்டை?’ என்று விசாரிக்காமல் ‘இன்னைக்கு என்ன விளையாடின?’ என்று கேட்டால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாச் சண்டையும் இந்த வகையில் சேராது. நார்வேயில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ், பள்ளிகளில் நடக்கும் புல்லியிங்கை அடையாளம் காண மூன்று குறிகளைச் சொன்னார்: துன்புறுத்தும் நோக்கம், அது திரும்பத் திரும்ப நடப்பது, இருவரின் பலமும் சமமாக இல்லாதது. நோட்டில் ஏழு முறையும் ஒரே பிள்ளை அடிவாங்கியிருந்தால், அல்லது நான்கு பேர் கூடி இவனை ஒதுக்கிச் சீண்டியதால் இவன் திருப்பி அடித்திருந்தால், ‘ரெண்டு பேரும் கை குலுக்குங்க’ என்று உட்காரவைப்பது பெரிய கெடுதல். அடிபட்ட பிள்ளை தன்னை அடித்தவன் முன்னால் உண்மையைச் சொல்லாது. முதலில் அதன் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். பெற்றோரும் இதை நேரடியாகவே கேட்கலாம்: “ஏழு தடவையும் எதிர்ல இருந்தது ஒரே பையனா, வேற வேற பசங்களா?” பெயர் சொல்லாமலே ஆலோசகர் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

சட்டப்படியான எல்லைகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பள்ளிகளில் பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியைவிட்டு நீக்கவும் கூடாது. எனவே, ‘அடுத்த தடவை டி.சி. வாங்கிக்கங்க’ என்ற மிரட்டல் ஆறாம் வகுப்புப் பையனின் கூட்டத்தில் எழுந்தால், பெற்றோர் பதறாமல் அதை எழுத்தில் கேட்கலாம்.

நான்கு வாரம் முடிந்ததும் இரண்டாவது சந்திப்பு. அதே நோட்டு மேசைக்கு வரும். மைதானத்துச் சண்டைகள் ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தால், அம்பயர் இல்லாத நாட்களிலும் அப்படியே இருக்கிறானா என்று அடுத்த இரண்டு வாரம் பார்ப்பார்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தாலோ, இப்போது வகுப்பிலும் பள்ளி வேனிலும் வீட்டில் தங்கையிடமும் அதேபோல் நடக்கிறதென்று தெரிந்தாலோ, காரணம் மைதானத்தோடு நிற்கவில்லை. அப்போது ஆலோசகர் எழுதும் அடுத்த கடிதம் குழந்தைநல மருத்துவருக்கோ மருத்துவ உளவியலாளருக்கோ போகும். நோட்டின் நகல் ஒன்றை அதோடு இணைப்பார். அதில் மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் அடிக்கப்பட்டிருக்கும்.