எந்த வயலில் வெள்ளம்? ரேடார் படத்தில் எல்லை குறிக்கும் முறை

சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். மேகம் அதை மறைக்காது. அடைமழைக் காலத்திலும், இரவிலும் தரையின் படம் கிடைக்கும். சாய்வாக வந்து விழும் அலையை அசையாத நீர்ப்பரப்பு மறுபக்கமாகத் தள்ளிவிடும். மண்கட்டியும் பயிரும் அதை நாலாபக்கமும் சிதறடிப்பதால் ஒரு பகுதி செயற்கைக்கோளுக்கே திரும்பும். படத்தில் நீர் கறுப்பாகவும் வயல் சாம்பலாகவும் தெரிவது இதனால்தான்.

திரும்பும் அலையின் வலிமையை டெசிபலில் குறிப்பார்கள். ஈரமான பயிர் நிலம் மைனஸ் 9 காட்டினால், அதே இடத்தில் நீர் தேங்கியதும் மைனஸ் 19 ஆகலாம். இந்த 10 டெசிபல் இறக்கத்துக்குப் பொருள், திரும்பும் அலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்பதே. இரண்டுக்கும் இடையே ஓர் எல்லையைக் குறித்து, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் நீர் என்று பிரிக்கிறார்கள். அதற்கு முன் படத்திலுள்ள புள்ளிப்புள்ளியான இரைச்சலை வடிகட்டிவிட வேண்டும்.

எல்லையை எங்கே வைப்பது? படத்தின் எல்லா மதிப்புகளையும் வரைபடமாக்கினால் நீருக்கு ஒரு மேடு, நிலத்துக்கு ஒரு மேடு எழும். நடுவிலுள்ள பள்ளமே எல்லை. 1979-ல் ஓட்சு வெளியிட்ட கணக்கு இதைத் தானாகக் கண்டுபிடிக்கும். ஆனால் மாவட்டம் முழுவதையும் ஒரே படமாகக் கொடுத்தால் சிறிதளவே உள்ள நீரின் மேடு அமுங்கிப்போகும். நீரும் நிலமும் ஏறக்குறைய சரிபாதியாக உள்ள சிறு சதுரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எல்லையைக் கணக்கிடுவதே நல்ல வழி.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயலின் மழையில் காவிரி டெல்டா வயல்கள் மூழ்கின. அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்த முறையின் கஷ்டம் தெரியும். ஏரி, குளம், உப்பளம் ஆகியவற்றை வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். தாளடி நட்ட வயலைக் கழிப்பது எளிதல்ல. நாற்று சிறிதாக இருக்கும்போது விவசாயி தேக்கிய நீரும் கறுப்பாகவே தெரியும். முந்தைய படம் நடவுக்கு முன் எடுத்ததாக இருந்தால் அந்த வயல் வெள்ளக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே நடவு முடிந்து, மழை தொடங்குவதற்கு முன் எடுத்த படமே ஒப்பீட்டுக்கு வேண்டும்.

வளர்ந்த சம்பா வயலில் தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. பயிரின் நுனி நீருக்கு மேலே நின்றால், அலை நீரிலும் தண்டிலும் மோதித் திரும்புவதால் வயல் முன்பைவிட வெளிச்சமாகக்கூடத் தெரியும். வேர் அழுகிக்கொண்டிருக்கும் அந்த வயலை எல்லைக்கோடு பாதிப்பில்லாத நிலமாகக் காட்டும். காற்றில் நீர் அலையடித்தாலும் இதே ஏமாற்றம்தான். நீர் தேங்கிய பயிர் வயலைக் கண்டுபிடிக்க ஒரு வழி, எல்லைக்குக் கீழே இறங்கிய இடங்களோடு, திடீரென 3 டெசிபல் ஏறிய தாழ்வான வயல்களையும் தனியாகக் குறித்துப் பார்ப்பது.

இப்படித் தயாராகும் வரைபடம் திறந்த நீர்ப்பரப்பைக் காட்டுவது. பயிர்ச்சேத வரைபடம் அல்ல. நிவாரணப் பட்டியலிலிருந்து ஒரு வயலை நீக்க அதை மட்டுமே ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. வயலில் இறங்கிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.