கட்டத்துக்குள் கணக்கு – 14: ஞாயிறு மட்டும் விடுமுறை

சிவகாசி அச்சகங்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சனிக்கிழமை வேலை நாள். பல இடங்களில் வாரச் சம்பளம் கைக்கு வருவதே அன்றைக்குத்தான். எக்செல் அப்படி நினைப்பதில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் சனி, ஞாயிறு இரண்டையுமே விடுமுறையாகக் கழித்துவிடும். “பதினைந்து வேலை நாளில் சரக்கு கொடுத்துவிடுகிறோம்” என்று பார்ட்டிக்கு வாக்குக் கொடுப்பவர்கள் தேதியைக் குறிப்பதற்கு முன் இந்த வேறுபாட்டைச் சரிசெய்தாக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். சிவகாசி அச்சகம் ஒன்று ஐதராபாத் இனிப்புக் கடைக்கு அட்டைப்பெட்டி அச்சடிக்கிறது. பிளேட் போடுவது, அச்சு, லேமினேஷன், டை கட்டிங், ஒட்டுவது எல்லாம் சேர்த்துப் பதினைந்து வேலை நாள். புரூஃபுக்கு ஓ.கே. கிடைத்தது 2026 ஜனவரி 8, வியாழக்கிழமை.

முதலில் கையால் எண்ணலாம். ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் ஆறு வேலை நாளுக்கு நாட்காட்டியில் ஒரு முழு வாரம் ஓடும். பதினைந்தில் இரண்டு ஆறு போக மீதி மூன்று. வியாழனிலிருந்து இரண்டு வாரம் தள்ளினால் 22-ம் தேதி வியாழன். மீதி மூன்றில் 23 வெள்ளி ஒன்று, 24 சனி இரண்டு, ஞாயிறைத் தாண்டி 26 திங்கள் மூன்று. காகிதமும் பேனாவும் இல்லாமல் ஃபோனில் பேசியபடியே போடக்கூடிய கணக்கு இது. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ஆறால் வகுத்து, வாரங்களைத் தள்ளி, மீதியை மட்டும் விரல்விட்டு எண்ணினால் போதும்.

ஆனால் அந்தத் திங்கள் குடியரசு தினம். அதற்கு முன்பே 15, 16, 17 மூன்று நாளும் பொங்கல். கைக்கணக்கு தடுமாறும் இடம் இதுதான். இங்கேதான் எக்செல் வேண்டும்.

2010 பதிப்பிலிருந்து எக்செல்லில் WORKDAY.INTL என்ற செயற்கூறு இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் இதே பெயர்தான். B2-இல் தொடக்கத் தேதி, C2-இல் நாட்களின் எண்ணிக்கை, H2 முதல் H6 வரை விடுமுறைத் தேதிகள் என்று வைத்துக்கொண்டு, D2-இல் இப்படி எழுதுங்கள்:

```
=WORKDAY.INTL(B2,C2,11,$H$2:$H$6)
```

நடுவில் இருக்கும் 11 “ஞாயிறு மட்டும் விடுமுறை” என்பதற்கான குறியீடு. ஒரே ஒரு நாள்தானே விடுமுறை என்று நினைத்து 1 என்று போட்டுவிடாதீர்கள். 1 என்றால் சனியும் ஞாயிறும். எண்ணை நினைவில் வைப்பது சிரமம் என்றால் "0000001" என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதலாம். திங்களில் தொடங்கும் ஏழு நாட்கள் அவை. 0 வேலை நாள், 1 விடுமுறை. கடைசியில் நிற்பது ஞாயிறு. வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் ஊரில் வேலை செய்பவர்கள் அந்த 1-ஐ ஐந்தாம் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நம் விடுமுறைப் பட்டியலில் ஜனவரி 15, 16, 17, 26 நான்கும், தைப்பூசத்துக்காகப் பிப்ரவரி 1-ம் இருக்கின்றன. விடை ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. கையால் சரிபார்த்துவிடலாம்: பொங்கலுக்கு முன் 9, 10, 12, 13, 14 என்று ஐந்து நாள், 19 முதல் 24 வரை ஆறு, 27 முதல் 30 வரை நான்கு. மொத்தம் பதினைந்து. விடை தேதியாக வராமல் 46052 என்று வந்தால் பதற வேண்டாம். அதே தேதிக்கு எக்செல் வைத்திருக்கும் வரிசை எண்தான் அது. கட்டத்தின் வடிவத்தைத் தேதிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

தைப்பூசம் அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. விடுமுறையாகவும் ஞாயிறாகவும் இருக்கும் நாளை எக்செல் இரண்டு முறை கழிக்காது. எனவே ஆண்டுப் பட்டியலை அப்படியே தட்டச்சு செய்துவிடலாம்; ஞாயிறில் விழுபவற்றைத் தேடி நீக்கும் வேலை வேண்டாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் அந்த டாலர் குறிகளில். அவற்றை விட்டுவிட்டு சூத்திரத்தைக் கீழே இழுத்தால், அடுத்த வரிசையில் பட்டியல் H3-இல் தொடங்கும். பொங்கல் நாளான 15-ம் தேதி நழுவிவிடும். அதே ஆர்டரை அந்த வரிசையில் போட்டால் 30-க்குப் பதில் 29 வரும். அதுவும் வேலை நாள்தான், பார்ப்பதற்குச் சரியாகவே தெரியும், பிழைச் செய்தியும் வராது. நான்கு வரிசை தாண்டினால் முதல் நான்கு விடுமுறைகளும் போய்விடும். கடைசி வரிசையின் கட்டத்தைச் சொடுக்கி, அங்கேயும் $H$2 என்றே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இன்னொன்று தேதியைத் தட்டச்சு செய்வதில். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 08/01/2026 என்பதை ஆகஸ்ட் 1 என்று எடுத்துக்கொள்ளும். 15/01/2026 என்றால் பதினைந்தாவது மாதம் இல்லாததால் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். எழுத்து கட்டத்தின் இடது ஓரத்தில் நிற்கும், உண்மையான தேதி வலது ஓரத்தில் நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் இருந்தால், வலப்பக்கம் இருப்பவற்றையும் நம்பாதீர்கள். 08-Jan-2026 என்று மாதத்தை எழுத்தில் போட்டால் இந்தக் குழப்பமே வராது.

இனி எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்வி. WORKDAY.INTL தொடக்க நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மறு வேலை நாள்தான் முதல் நாள். புரூஃப் மாலையில் ஓ.கே. ஆகும் அச்சகத்துக்கு இது நியாயம். காலையிலேயே ஓ.கே. கிடைத்து அன்றே பிளேட் போடுகிறீர்கள் என்றால் B2-க்குப் பதில் B2-1 என்று எழுதுங்கள். விடை 29, வியாழனாக மாறும். எதை எடுத்துக்கொண்டாலும் அதை ஆர்டர் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆர்டர் சொன்ன நாளா, அட்வான்ஸ் வந்த நாளா, புரூஃப் முடிந்த நாளா என்று எழுதாமல் விட்ட “பதினைந்து நாள்” பார்ட்டியிடம் ஒரு தேதியாகவும் அச்சகத்தில் வேறொரு தேதியாகவும் இருக்கும். தாமதம் என்று சண்டை வரும்போது இரண்டு பேர் கணக்கும் சரியாகவே இருக்கும்.

30-ம் தேதி என்பது சரக்கு அச்சகத்தை விட்டுக் கிளம்பும் நாள். லாரி ஐதராபாத் போக இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஞாயிறன்றும் ஓடும், ஆகவே அந்த இரண்டையும் சாதாரணமாகக் கூட்ட வேண்டும்: பிப்ரவரி 1, ஞாயிறு. அன்று இறக்கி வாங்க ஆள் இல்லை என்றால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. போய்ச் சேரும் தேதிக்கு ஒரு நாள் முன்னே சென்று, அங்கிருந்து ஒரு வேலை நாளைக் கூட்டுவது:

```
=WORKDAY.INTL(D2+2-1,1,11,$J$2:$J$6)
```

போய்ச் சேரும் நாள் வேலை நாளாக இருந்தால் அதே தேதி வரும். விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள் வரும். இங்கே விடை பிப்ரவரி 2, திங்கள். பட்டியல் H-இலிருந்து J-க்கு மாறியிருப்பதைக் கவனியுங்கள். J பத்தியில் இருப்பவை ஐதராபாத் கடையின் விடுமுறைகள். அவற்றைப் பார்ட்டியிடமே கேட்டு வாங்கித்தான் நிரப்ப வேண்டும்.